ஒரு ஆள் கூடுதல்

ஆஸ்பத்திரியில் ராத்திரி பன்னிரண்டு மணி சென்சஸ், அதாவது உள்நோயாளிகளின் எண்ணிக்கை, இடித்தது. நேற்றைய மீதி 84, புது அட்மிஷன் 17, டிஸ்சார்ஜ் 12, தஞ்சாவூருக்கு ரெஃபர் 2, இறப்பு 1. ஆக 86 இருக்க வேண்டும். வார்டுச் சீட்டுகளைக் கூட்டினால் 87 வந்தது.

சம்பா அறுவடை நேரம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் வந்தபடியே இருந்ததால், வார்டுகளில் கையில் கிடைத்த தாளில் எல்லாம் எழுதியிருந்தார்கள். ஓ.பி. சீட்டின் முதுகில்கூட மருந்துக் கணக்கு இருந்தது. தனலட்சுமி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெரிய ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மாரியம்மாள். அப்சர்வேஷன் தாளில் வயது 45, ஊர் கோட்டூர், பாம்புக்கடி. பெண்கள் வார்டுத் தாளில் வயது 40, கீழத்தெரு, 'கால் வீக்கம், ஏ.எஸ்.வி. கொடுத்தாச்சு' என்று விஷமுறிவு மருந்துக் குறிப்பு. எந்த நேரம் என்று இல்லை. ஐ.பி. நம்பரும் எழுதவில்லை.

ஒன்றை அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு மாரியம்மாள் உண்டு. அடிக்கப்படுவது யாருடைய வைத்தியம் என்று தெரியாமல் பேனாவை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. விபத்துப் பதிவேட்டை எடுத்தாள். அதில் அங்க அடையாளம் இரண்டு எழுதியே ஆக வேண்டும். வலது முழங்கையில் தழும்பு, இடது புருவத்தின் மேல் மச்சம்.

பெண்கள் வார்டில் சிஸ்டர் டார்ச் அடித்துக் காட்டினாள். மச்சம் இருந்தது. கையைத் திருப்பினால் தழும்பும் இருந்தது.

"பதினொரு மணிக்கு மாத்தி அனுப்பினாங்கக்கா. தாள் கூட வரல."

"கீழத்தெரு கோட்டூர்லதானா?"

"ஆமாம்மா" என்றார் தரையில் உட்கார்ந்திருந்த கணவர். "வைக்கோல் கட்டு தூக்கறப்ப கண்ணாடிவிரியன். கூட அறுத்தவங்கதான் கொண்டாந்து சேத்தாங்க. வயசு அவங்க குத்துமதிப்பா சொன்னது."

தனலட்சுமி அப்சர்வேஷன் தாளை நீட்டினாள். 8.05 மணிக்கு எடுத்த ரத்தம் இருபது நிமிடத்தில் உறையவில்லை. 8.30க்குப் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "மருந்து ஆரம்பிச்சு ஆறு மணி நேரம் கழிச்சு ரத்தம் உறையுதான்னு மறுபடி பாக்கணும். அப்ப ரெண்டரை. இங்க வந்த நேரத்தை வச்சு விடியக்காலை அஞ்சுக்குன்னு குறிச்சிருந்தேன்க்கா."

சரி என்று தனலட்சுமி திரும்பி வந்தாள். இரண்டு வரியையும் ஒரே ஐ.பி. நம்பரின் கீழ் சேர்த்து, இரண்டு தாளையும் ஒரே கேஸ் ஷீட்டில் குத்தினாள். மொத்தம் 86. அப்புறம் குழந்தைகள் வார்டு. அங்கே கையெழுத்து இன்னும் மோசம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்டர்காம் அடித்தது.

"இப்பவும் உறையலக்கா. டாக்டர் வந்துட்டாரு, மறுபடி மருந்து ஏத்தறோம்."

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?"

"ரெண்டு அம்பத்தஞ்சு."

"தாள்லயும் எழுதிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, தனலட்சுமி ரிஜிஸ்டரில் மாரியம்மாள் பக்கத்தைத் திருப்பினாள்.