எதிர்வீட்டிலிருந்து ஒரு செய்தி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

தாழ்வாரத்தில் நீங்கள் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியில் வேண்டும்போதெல்லாம் பறித்துக்கொள்ளச் சொன்னீர்கள். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தாளிப்பு அதில்தான் மணக்கிறது. அந்த உரிமையோடுதான் இதை எழுதுகிறேன். ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குத் தேக்கா சந்தைக்குக் காரில் செல்கிறேன். 10 கிலோ அரிசிப் பையோ காய்கறியோ வாங்க வேண்டியிருந்தால் முதல்நாள் இரவு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் வாங்கும் அம்மா உடன்வர விரும்பினால் வண்டியில் இடமும் இருக்கிறது. விளக்கு மாற்றுவதற்கும், சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் திறப்பதற்கும்கூட எங்கள் கதவைத் தட்டலாம். தேவையில்லை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கறிவேப்பிலைக்கு நான் வழக்கம்போல் வருவேன்.

அன்புடன்,
எதிர்வீட்டிலிருந்து