காய விவரிப்பு: அவசர சிகிச்சைப் பதிவு எண் 2217

பரிசோதித்த நாள் 12.03.2024. தொடங்கிய நேரம் இரவு 10.10, முடித்த நேரம் 10.55.

குறிப்புத்தாளில் அவசரத்தில் எழுதியது, அப்படியே:

"ஆண் 34. மச்சான் கம்பியால் அடித்தான். குடி. தலையில் இடது வெட்டு 5 செ.மீ, எலும்பு தெரியுது, 5 தையல். முதுகில் ரெட்டைக் கோடு. இடது முன்கை வீக்கம், எலும்பு முறிவு?, தடுக்கப்போய். இடது முட்டி சிராய்ப்பு, சின்னது. தொடையில் பழசு. நினைவு நல்லா இருக்கு."

கீழே வருவது இந்தக் குறிப்பையும், உடல் வரைபடத்தையும், அளவுகோல் வைத்து எடுத்த 9 படங்களையும், இரவு 11.30-க்கு வார்டில் நான் மறுபடி பார்த்ததையும் வைத்து எழுதிய முழு விவரிப்பு. இடது, வலது என்பதெல்லாம் பரிசோதிக்கப்பட்டவரின் இடது, வலது.

வந்த நிலையும் சொன்னதும்

இரவு 9.50-க்கு நடந்தே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட வந்தார். பரிசோதனைக்கும் படமெடுக்கவும் எழுத்தில் சம்மதம் தந்தார். இரவு சுமார் 9 மணிக்குத் தம் வீட்டு வாசலில் உறவினர் ஒருவர் இரும்புக் கம்பியால் அடித்ததாகச் சொன்னார். இது அவர் சொன்னது; நான் கண்டது அல்ல. மயக்கமோ வாந்தியோ வரவில்லை என்றார்.

கிளாஸ்கோ மயக்க அளவு 15. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 96, ரத்த அழுத்தம் 138/86. இரு கண்மணிகளும் ஒரே அளவு, வெளிச்சத்துக்குச் சுருங்கின. மூச்சில் மது வாடை இருந்தது. பேச்சு தெளிவு, நடை தடுமாறவில்லை, கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொன்னார். ரத்தத்தில் மதுவின் அளவு பார்க்கப்படவில்லை. ஆகவே குறிப்பில் உள்ள "குடி" என்ற சொல்லை இந்த அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ள இடமில்லை.

காயங்கள்

1. தலையின் இடது பக்கம், சுவரெலும்பின் மேல், கிழிந்த காயம். நீளம் 4.6 செ.மீ, அகலம் 0.8 செ.மீ, ஆழம் எலும்பு வரை. முன்னும் பின்னுமாக ஓடுகிறது. முன்முனை, இடது காதுத் துளையிலிருந்து தலையின் வளைவோடு 10.5 செ.மீ மேலே, நடுக்கோட்டிலிருந்து 6.5 செ.மீ இடப்புறம்.

மேலோட்டமாகப் பார்த்தால் விளிம்பு நேர்க்கோடு போல இருக்கிறது. குறிப்பில் "வெட்டு" என்று எழுதியது அதனால்தான். தண்ணீர் விட்டுக் கழுவி, விளிம்பை விலக்கி, விளக்கு வைத்துப் பார்த்தபோது வேறு விதமாக இருந்தது. விளிம்பு சீராக இல்லை. இரு புறமும் 0.3 செ.மீ அகலத்துக்குத் தோல் கன்றியிருந்தது. காயத்தின் ஆழத்தில் மூன்று இடங்களில் மெல்லிய திசு இழைகள் அறுபடாமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பாலம் போல நின்றன. விளிம்பில் இருந்த முடிகள் நறுக்கப்படவில்லை, நசுங்கியிருந்தன. தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் இடங்களில் மழுங்கிய பொருள் பட்டாலும் தோல் இப்படி நேராகப் பிளக்கும். எனவே இது வெட்டுக்காயம் அல்ல, கிழிந்த காயம் என்றே பதிகிறேன்.

குறிப்பில் உள்ள 5 செ.மீ கண்மதிப்பு. தையலுக்கு முன் அளவுகோல் வைத்து எடுத்த 3-ஆம் படத்தில் 4.6 செ.மீ; அதுவே சரியான அளவு. கையால் தடவியதில் எலும்பில் பள்ளமோ விரிசலோ தட்டுப்படவில்லை. சிடி ஸ்கேனில் மண்டையோட்டு முறிவோ உள் ரத்தக்கசிவோ இல்லை. 5 தையல் போடப்பட்டது.

2. முதுகின் வலது மேல்பாதியில் இரண்டு இணையான சிவந்த கன்றல் கோடுகள். ஒவ்வொன்றும் 11 செ.மீ நீளம், 0.6 செ.மீ அகலம். நடுவே 1.2 செ.மீ அகலத்துக்குத் தோல் இயல்பான நிறத்தில் இருக்கிறது. மேல்முனை, ஏழாவது கழுத்தெலும்பு முனையின் மட்டத்திலிருந்து 14 செ.மீ கீழே, நடுக்கோட்டிலிருந்து 10 செ.மீ வலப்புறம், அங்கிருந்து சரிந்து, கீழ்முனை நடுக்கோட்டிலிருந்து 4 செ.மீ-இல் முடிகிறது. தோல் கிழியவில்லை. தொட்டால் வலி.

3. இடது முன்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் 8 x 5 செ.மீ வீக்கம். அதன் மேல் 6 x 3 செ.மீ அளவில் நீலம் கலந்த சிவப்பு நிறக் கன்றல். மையம் முழங்கை முனையிலிருந்து 13 செ.மீ கீழே. அழுத்தினால் கடும் வலி. மணிக்கட்டு நாடி கிடைக்கிறது. விரல்கள் அசைகின்றன, உணர்ச்சி குறையவில்லை. எக்ஸ்ரேயில் அல்னா எலும்பின் நடுப்பகுதியில் குறுக்கு முறிவு, விலகல் இல்லை. மாவுக்கட்டு போடப்பட்டது.

குறிப்பில் "தடுக்கப்போய்" என்று இருப்பது என் ஊகம். கையை உயர்த்தித் தடுத்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சொல்லை இந்த விவரிப்பில் சேர்க்கவில்லை.

4. வலது முழங்காலின் முன்புறம், முட்டிச்சில்லின் கீழ் விளிம்புக்கு 1 செ.மீ கீழே, 3 x 2.2 செ.மீ சிராய்ப்பு. சிவப்பு, ஈரம் காயவில்லை, பொருக்கு இல்லை. நுண்ணிய மண்துகள்கள் ஒட்டியிருந்தன. குறிப்பில் "இடது முட்டி", வரைபடத்தில் வலது. வார்டில் மறுபடி பார்த்தேன்: காயம் வலதில்தான். இடது முட்டியில் எதுவும் இல்லை.

5. இடது தொடையின் வெளிப்புறம், முட்டிச்சில்லின் மேல் விளிம்புக்கு 16 செ.மீ மேலே, 4 x 3 செ.மீ, மஞ்சள் கலந்த பச்சை நிறக் கன்றல். வலி இல்லை. 5 நாளுக்கு முன் மேசை விளிம்பில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

முகம், கழுத்து, மார்பு, வயிறு, வலது கை, இரு பாதங்கள் ஆகியவற்றில் வெளிக்காயம் காணப்படவில்லை. பிறப்புறுப்புப் பகுதி பார்க்கப்படவில்லை. அங்கே தொந்தரவு எதுவும் இல்லை என்றார்.

கருத்து

1 முதல் 4 வரையான காயங்கள் புதியவை. அவர் சொன்ன நேரத்தோடு முரண்படவில்லை. 1, 2, 3 மழுங்கிய பொருளின் விசையால் ஏற்படக்கூடியவை. 2-ஆம் காயத்தின் இரட்டைக் கோடு, உருளை வடிவக் கம்பியோ தடியோ போன்ற நீண்ட பொருள் பட்டால் வரும் தோற்றத்தோடு ஒத்துப்போகிறது. அது இரும்பா மரமா என்பதைக் கோடு சொல்லாது. பொருள் எதுவும் என்னிடம் காட்டப்படவில்லை. 4-ஆம் காயம் சொரசொரப்பான பரப்பில் உராய்ந்தால் வரக்கூடியது. விழுந்தாலும் வரும், இழுக்கப்பட்டாலும் வரும்.

5-ஆம் காயம் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஏற்பட்டதல்ல. மஞ்சள் நிறம் தெரிவதால் அது சில மணி நேரத்துக்குள் ஏற்பட்ட கன்றல் அல்ல என்று சொல்லலாம். சரியாக 5 நாளா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

3-இல் எலும்பு முறிவு உண்டு. சிக்கல் எதுவும் வராவிட்டால் எலும்பு கூட சுமார் 6 வாரம் ஆகலாம். மற்ற காயங்களில் எலும்பு முறிவு இல்லை.

யார் அடித்தது, எதற்காக என்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை. குறிப்பில் உள்ள உறவுப் பெயர் அவர் வாய்மொழி மட்டுமே.

இடது தோள்பட்டையில் ரத்தக்கறை படிந்த சட்டை ஒன்று உலரவிட்டு, காகித உறையில் முத்திரையிட்டு ஒப்படைக்கப்பட்டது. குறிப்புத்தாளில் அடித்தல் திருத்தம் எதுவும் செய்யவில்லை. வரைபடத்தோடும் 9 படங்களோடும் சேர்த்து இணைத்திருக்கிறேன்.

பணி மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவு
13.03.2024, அதிகாலை 1.20