சுருக்க வேண்டிய மனு வந்து சேரவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் “இதைச் சற்றுச் சுருக்கித் தாருங்கள்” என்ற ஒரு வரி மட்டுமே உள்ளது. அதன் கீழே வாசகம் எதுவும் இல்லை, கோப்பும் இணைக்கப்படவில்லை. அன்புகூர்ந்து மனுவின் முழு வாசகத்தையும் மடலிலேயே ஒட்டி மீண்டும் அனுப்புங்கள். கையால் எழுதியிருந்தால், பக்கத்தின் ஓரங்கள் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினால் போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எனக்குத் தேவையில்லை, அவற்றை மறைத்துவிடுங்கள்.

சென்ற வாரம் தொலைபேசியில் தாங்கள் சொன்ன, தங்கள் கணவரின் ஓய்வூதியக் கோப்பு பற்றிய தகவல் உரிமை மனுவாகத்தான் இது இருக்க வேண்டும். ஆயினும் அந்தப் பேச்சை மட்டும் வைத்து நானே ஒரு சுருக்கத்தை எழுதி அனுப்ப மனம் ஒப்பவில்லை; தாங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் ஒன்று விடுபட்டுப்போனாலும், அதற்காக இன்னொரு மனு போட்டு மீண்டும் 30 நாள் வரை காத்திருக்க நேரும்.

நீளமாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னார்களா, அல்லது தங்களுக்கே அப்படித் தோன்றியதா? மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2012ஆம் ஆண்டு விதிகளின்படி மனு, இணைப்புகள் நீங்கலாக, பொதுவாக 500 சொற்களுக்கு மேற்படக் கூடாது. ஆனால் அந்த வரம்பைத் தாண்டியது என்பதற்காக மட்டும் மனுவை நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி கூறுவதால், அச்சத்தினால் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

தங்கள் மனுவில் தகவல் கேட்பதற்கான காரணத்தை விளக்கும் பத்திகள் இருந்தால், அவற்றைத்தான் முதலில் எடுப்பேன். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது. “இத்தனை ஆண்டு உழைத்தவரின் குடும்பத்தை ஏன் இப்படி அலைக்கழிக்கிறீர்கள்?” என்று கேட்பதில் தங்கள் பக்கம் முழு நியாயமும் இருக்கிறது; எனினும் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதிவேட்டில் விடை இல்லை என்று சொல்லி அலுவலர் எளிதில் தட்டிக் கழித்துவிடுவார். “எங்கள் விண்ணப்பம் இன்று எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது? அதன் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலைத் தருக” என்று கேட்டால், பதிவேட்டைப் பார்த்துத்தான் அவர் பதில் எழுத வேண்டியிருக்கும். கோப்பு எண், விண்ணப்பித்த தேதி, ஒப்புகைச் சீட்டின் விவரம் ஆகிய மூன்றையும் எவ்வளவு சுருக்கினாலும் தொடமாட்டேன்.

மனுவை எந்த நாளுக்குள் அஞ்சலில் சேர்க்க எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மாலைக்குள் வாசகம் கிடைத்துவிட்டால், நாளை மதியத்துக்குள் திருத்திய படியையும், நீக்கிய வரிகளைத் தனியாகவும் அனுப்பிவிடுகிறேன். தாங்கள் ஒப்பாத எதையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மனுத் திருத்துநர்