கிளிப் மாட்டிய பிறகு சாவி

பெருந்துறை வட்டாரச் சாலைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள் தயாரித்த விழிப்புணர்வுக் குறும்படத்தின் முழு எழுத்து வடிவம். கோயில் திருவிழாக்களிலும் ஆலை வாயில்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் திரையிடுவதற்காக எழுதப்பட்டது. திரைக் கருவி இல்லாத இடங்களில் ஒருவர் இதை அப்படியே வாசித்துக் காட்டலாம்.

காட்சி: விடியற்காலை. சிப்காட் செல்லும் சாலையின் ஓரத்தில் ஒரு தேநீர்க் கடை. முதல் ஷிப்டுக்குச் செல்பவர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கேமரா முகங்களைக் காட்டாமல், கண்ணாடியிலும் ஹேண்டில்பாரிலும் தொங்கும் தலைக்கவசங்களை மட்டும் ஒவ்வொன்றாக அருகில் காட்டுகிறது.

குரல்: இந்தத் தலைக்கவசங்களைப் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கடையின் முன்பு இத்தனை தலைக்கவசங்களைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் இன்னும் சற்று அருகில் சென்று, தாடைக்கடியில் வர வேண்டிய பட்டையைப் பாருங்கள். இந்தத் தலைக்கவசத்தில் கிளிப்பின் ஒரு பாதி உடைந்துபோய், மறு பாதி மட்டும் தொங்குகிறது. அடுத்ததில் பட்டையின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டுத் தொட்டில் போல வைத்திருக்கிறார்கள். எதையும் கழற்றாமலே மாட்டவும் எடுக்கவும் அது வசதியாக இருக்கிறதாம். மூன்றாவதில் பட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கன்னத்தை உறுத்துகிறது என்று உள்ளே இருக்கும் மெத்தைக்கடியில் செருகிவிட்டார்கள்.

காட்சி: ஷிப்டு நேரம் நெருங்குகிறது. தேநீர்க் குவளைகளை வைத்துவிட்டு அனைவரும் வண்டியை எடுக்கிறார்கள். தலைக்கவசம் தலையில் ஏறுகிறது. பட்டைகள் இருபுறமும் ஆடிக்கொண்டே போகின்றன.

குரல்: ஏன் மாட்டவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பக்கத்தில்தானே போகிறேன் என்பார்கள். வியர்வையில் பட்டை அரிக்கிறது என்பார்கள். கைப்பேசி அழைப்பு வந்தால் கழற்றுவதற்கு நேரமாகிறது என்பார்கள், அழைப்பை வண்டியை நிறுத்திவிட்டுத்தானே எடுக்க வேண்டும் என்பதை மறந்தவர்களாக. மனத்துக்குள் இருக்கும் உண்மையான காரணத்தை ஒருவர்தான் வெளிப்படையாகச் சொன்னார்: சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்குத் தூரத்திலிருந்து தலைக்கவசம்தான் தெரியும், கிளிப் தெரியாது. அவர் சொன்னது சரிதான். காவலரின் கண்ணுக்காக அணிகிறவருக்கு அவ்வளவு போதும்.

காட்சி: அதே கடைக்கு அருகில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, வண்டியில் ஏறிய இளைஞர் ஒருவரை நிறுத்திப் பேசுகிறார். இளைஞரின் தலைக்கவசப் பட்டை மாட்டப்படவில்லை.

பெண்மணி: தம்பி, ஒரு நிமிடம். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

இளைஞர்: எதுக்குங்க அக்கா? ஷிப்டுக்கு நேரமாச்சுங்க.

பெண்மணி: நேரம் ஆகாது. இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்து, தலையை இரண்டு முறை வேகமாக ஆட்டிக் காட்டுங்கள், போதும்.

காட்சி: இளைஞர் சிரித்துக்கொண்டே குனிந்து தலையை ஆட்டுகிறார். இரண்டாவது அசைவிலேயே தலைக்கவசம் கழன்று தரையில் விழுந்து உருண்டு, வண்டிச் சக்கரத்தில் முட்டி நிற்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்து இன்னொருவர் முயல்கிறார். விழப் போகும் தலைக்கவசத்தைக் கடைசி நொடியில் இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார்.

பெண்மணி: நல்ல வேளை, பிடித்துவிட்டீர்கள். விபத்து நடக்கும்போது உங்கள் இரு கைகளும் எங்கே இருக்குமுங்க?

குரல்: அவர் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நின்றுகொண்டு தலையை ஆட்டியதற்கே கழன்றுவிடும் தலைக்கவசம், ஓடும் வண்டி காரின் மீது மோதும்போது தலையில் நிற்காது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. மோதலில் வண்டி சட்டென நின்றாலும், அதில் அமர்ந்திருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. முதலில் அவர் எதிர் வாகனத்தின் முன்பகுதியிலோ தம் வண்டியின் ஹேண்டில்பாரிலோ மோதுகிறார். அதன் பிறகுதான் சாலையில் விழுகிறார். பட்டை மாட்டாத தலைக்கவசம் முதல் மோதலிலேயே பறந்துவிடும். சாலையில் விழும் இரண்டாவது அடியை வெறும் தலை வாங்குகிறது. விபத்து நடந்த இடத்தில் சேதமில்லாமல் கிடக்கும் தலைக்கவசத்தைக் காட்டி, இது போட்டும் என்ன பயன் என்று பேசுவோர் உண்டு. அந்தத் தலைக்கவசம் சேதமில்லாமல் இருப்பதற்குக் காரணமே, அடி விழுந்த நேரத்தில் அது தலையில் இல்லை என்பதுதான்.

வேகமே இல்லாமல், நின்ற இடத்திலிருந்து சாய்ந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையைத் தொட அரை நொடிக்குச் சற்றே அதிகமான நேரம்தான் ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டராக இருக்கும். மெதுவாகத்தான் போகிறேன் என்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. சேலம்–கோயம்புத்தூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரி விர்ரென்று கடந்து செல்லும்போது, பட்டை மாட்டாத தலைக்கவசத்தைக் காற்று மேலே தூக்கும். உடனே இடது கை ஹேண்டில்பாரை விட்டு உச்சந்தலைக்குப் போகும். ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

காட்சி: பயன்படுத்தி முடித்து, குறுக்காக வெட்டப்பட்ட ஒரு பழைய தலைக்கவசம் மேசை மீது இருக்கிறது. மேல் ஓட்டையும், அதற்குள் இருக்கும் தடித்த வெள்ளைத் தெர்மாகோல் அடுக்கையும், மெத்தையையும் ஒரு விரல் சுட்டிக் காட்டுகிறது.

குரல்: தலைக்கவசம் தலையைக் காக்கும் முறை எளிமையானது. வெளி ஓடு அடியின் விசையை ஓரிடத்தில் குவிய விடாமல் பரப்புகிறது. உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கி, தலை சட்டென நிற்காமல் சற்றே தாமதித்து நிற்கும்படி செய்கிறது; மூளைக்குப் போகும் அதிர்ச்சி அந்தத் தாமதத்தில்தான் குறைகிறது. இவ்வளவும் நடக்க வேண்டுமானால், அடி விழும் நொடியில் தலை இந்த ஓட்டுக்குள் இருந்தாக வேண்டும். தலையை உள்ளே வைத்திருக்கும் வேலையைச் செய்வது, கையகலம்கூட இல்லாத இந்தப் பட்டையும் ஒரு கிளிப்பும்தான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்கவசம் இறப்பு ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது. சாலையில் உருண்டோடும் தலைக்கவசத்தால் அந்தப் பயனைத் தர முடியாது.

சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி, தலைக்கவசம் அதிலுள்ள பட்டைகளாலோ வேறு இணைப்புகளாலோ அணிபவரின் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். இந்தப் பிரிவை மீறுவோருக்கு, 2019இல் திருத்தப்பட்ட சட்டம் 1,000 ரூபாய் அபராதத்தையும் மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பையும் விதிக்கிறது. பட்டை மாட்டாமல் வைத்திருக்கும் தலைக்கவசம், சட்டத்தின் பார்வையில் அணிந்த தலைக்கவசம் ஆகாது.

காட்சி: ஒரு வீட்டு வாசல். மனைவி பின்னிருக்கையில் அமரப் போகிறார். உச்சிக்குச் சற்றுக் கீழே போட்ட கொண்டையில் மல்லிகைச் சரம். தலைக்கவசம் முழுவதும் இறங்காமல் கொண்டையின் மீது ஏறி, முன்பக்கம் கண் வரை சரிந்து நிற்கிறது.

குரல்: பின்னால் அமரும் பெண்கள் பட்டையை மாட்டாததற்கு அவர்களின் அசட்டையைக் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. பல வீடுகளில், கணவருக்கு வாங்கிய பெரிய அளவுத் தலைக்கவசம்தான் மனைவிக்கும் போகிறது. கொண்டை தூக்கி நிறுத்துவதால் தலைக்கவசம் பின்பக்கம் இறங்காது. இறங்காவிட்டால் பட்டை தாடையை எட்டாது, எட்டினாலும் தொண்டையை நெரிக்கும். தலைமுடியைக் கழுத்தளவில் தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். பூவைச் சேருமிடம் போய்ச் சூடிக்கொள்ளலாம். அவரவர் தலையின் அளவுக்கு ஏற்ற தலைக்கவசத்தை அவரவருக்கென்று வாங்கிக் கொடுப்பது கணவரின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

காட்சி: அதே பெண், தாழ்ந்த பின்னலோடு, தமக்கான தலைக்கவசத்தை அணிகிறார். கேமரா தாடைக்கு மிக அருகில் செல்கிறது. இசை நிற்கிறது. கிளிப் மாட்டும் ஓசை மட்டும் கேட்கிறது.

குரல்: அந்த ஓசையைக் கேட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பட்டைக்கும் தாடைக்கும் இடையில் விரலை நுழைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு விரல்கள் இறுக்கமாக நுழைந்தால் சரி. கை முழுவதும் நுழைந்தால் பட்டையை இழுத்துச் சுருக்க வேண்டும். பிறகு தலைக்கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். நெற்றியைத் தாண்டிக் கழன்று வந்தால் அது உங்கள் அளவு அல்ல. இரட்டை வளையப் பட்டை உள்ள தலைக்கவசமாக இருந்தால், பட்டையை இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, ஒரு வளையத்தின் வழியே திருப்பி இழுக்க வேண்டும். முனையில் இருக்கும் சிறு பொத்தான், தொங்கும் நுனி காற்றில் அடிக்காமல் இருப்பதற்கு மட்டுமே, அது பட்டையைப் பிடிக்காது. பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு மாட்டியாயிற்று என்று நம்பிப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

கிளிப் உடைந்திருந்தால் முடிச்சுப் போட வேண்டாம், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரைக்கான ஐஎஸ் 4151 தரச் சோதனையில், ஓட்டின் வலிமையோடு பட்டையின் பிடிமானமும் சோதிக்கப்படுகிறது. கையால் போட்ட தையலை அப்படி யாரும் சோதித்துத் தருவதில்லை. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இரு சக்கர வாகனத் தலைக்கவசத்தை விற்பதே சட்டப்படி குற்றம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் தலைக்கவசத்தில் முதலில் கையோடு வருவது பெரும்பாலும் கிளிப்தான்.

காட்சி: மறுபடியும் தேநீர்க் கடை. முன்பு பார்த்த இளைஞர் வண்டியில் ஏறுகிறார். பழக்கத்தில் கை சாவியை நோக்கிப் போகிறது. பாதியில் திரும்பித் தாடைக்கு வருகிறது. கிளிப் மாட்டும் ஓசை. அதன் பிறகு சாவி திரும்புகிறது.

குரல்: உங்களிடம் நாங்கள் கேட்பது இந்த வரிசையை மட்டும்தான். முதலில் கிளிப், பிறகு சாவி. கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், தெருமுனை வரை போனாலும் இதே வரிசை. வண்டியை எடுத்துக்கொண்டு போகையில் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், ஒரு கையில் வண்டியும் மறு கையில் பட்டையுமாக முதல் திருப்பத்துக்கு வந்துவிடுவீர்கள்.

திரையில் எழுத்து: இந்த மாதத்தின் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை 7 மணி முதல் 10 மணி வரை, பெருந்துறை பேருந்து நிலையத்தின் முன்புறம் எங்கள் தன்னார்வலர்கள் இருப்பார்கள். உங்கள் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தால் பட்டையின் நீளத்தைச் சரிசெய்து, மாட்டும் முறையைக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. பின்னால் அமர்பவரையும் அவருடைய தலைக்கவசத்தோடு அழைத்து வாருங்கள்.