கிடங்கு பார்கோடு திட்டம்: ஆறாவது வார நிலவரம்

வணக்கம். கோவை பம்ப் ஆலையின் கிடங்கிலிருந்து பேசுகிறேன். மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. 4,200 உதிரிபாகங்களில் 3,100-க்கு பார்கோடு ஒட்டியாயிற்று. மோட்டார், காப்பர் வயர், பேக்கிங் பிரிவுகளில் நோட்டுப் புத்தகத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் ஸ்கேனர்தான்.

சிக்கல் வார்ப்புப் பிரிவில். இதோ, இந்த இம்பெல்லரைப் பாருங்கள். துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருக்கிறோம். காலையில் ஒட்டிய லேபிள் மதியத்துக்குள் கையோடு வந்துவிடுகிறது. வேறு லேபிளும் வாங்கிப் பார்த்தோம், பலனில்லை. பொருளின் மேல் ஒட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு உலோக வில்லையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம் என்பது என் கருத்து. கூடுதல் செலவு 85,000 ரூபாய். இது இழுத்துக்கொண்டே போனால் மார்ச் 31 இருப்புக் கணக்கெடுப்பு கையால்தான் நடக்கும். போன வருடம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

அப்புறம், பின்பக்க ஷெட்டில் வைஃபை எட்டவில்லை. ஐடி பிரிவு சனிக்கிழமை சரிசெய்கிறது, கவலை வேண்டாம்.

திங்கள் முதல் இரவு ஷிஃப்டுக்குப் பயிற்சி. உற்பத்தி மேலாளர் தினமும் நாலு பேரை ஒரு மணி நேரம் விடுவித்தால் போதும். வில்லைக்கான ஒப்புதல் மட்டும் வியாழக்கிழமைக்குள் வேண்டும்; வெள்ளியன்று ஆர்டர் போட்டால்தான் பத்து நாளில் கைக்கு வரும். நன்றி.