முப்பத்து மூன்று மணி நேரம்

பென்கங்கா பாலத்தைத் தாண்டி லாரி மகாராஷ்டிராவுக்குள் நுழைந்தபோது மணி ஐந்தாகப் போனது. பழனிச்சாமி அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் ராசிபுரத்து ஜவ்வரிசி, நாக்பூர் கிடங்குக்கு. நவராத்திரி விரதத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் அரிசி வேகாது, ஜவ்வரிசிதான் வேகும். அதனால் புரட்டாசி பிறந்துவிட்டால் எங்களுக்கு வீடு இல்லை, சாலைதான்.

பாலத்தில் சிக்னல் இல்லை. தாண்டியதும் போன் துடித்தது. வாட்ஸ்அப்பில் என் மனைவியின் எண்ணிலிருந்து ஒரு படம். முதலில் மங்கலாக வந்தது. வெள்ளைத் தாள், அதன் மேல் சிவப்புக் கோடுகள் என்பது வரைதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எட்டாம் வகுப்பு, கணக்கு, வகுப்புத் தேர்வு. மேலே வட்டம் போட்டு 50-க்கு 11. வட்டத்துக்குப் பக்கத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகம் சதை வரை கடிக்கப்பட்டிருந்தது. கவின்தான்.

படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல். சாரி.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'அப்பா' இல்லை. 'கேள்வி கடினம்' இல்லை. 'அடுத்த முறை நன்றாக எழுதுகிறேன்' இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாக்குச் சொல்லத் தெரியாதா? அவன் வாய் ஓயாமல் பேசுகிறவன். சுங்கச்சாவடியில் எவ்வளவு கட்டினீர்கள், ஆடு எத்தனை குட்டி போடும் என்று ஒரு போனில் நாற்பது கேள்வி கேட்பான். அவன் ஒரே சொல்லோடு நிறுத்தியிருந்தான்.

உடனே கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அவன் அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு வர ஆறு மணி ஆகும். போனை அவனுக்காகத்தான் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் வீட்டில் தனியாக இருந்தான். மதிப்பெண் வருகிற நாள்களில் செய்தித்தாளில் சின்னதாக ஒரு மூலையில் வரும் செய்திகள் எனக்கு நினைவுக்கு வந்தன. டீக்கடையில் அவற்றைப் படித்துவிட்டு, 'பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?' என்று கேட்கிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

"அண்ணா, வண்டியை ஓரம் கட்டுங்கள்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தவர் ஏன் என்று கேட்கவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். இறங்கி, பக்கத்து வீட்டுச் சரசு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கவின் இருக்கிறானா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். இப்போதே போங்கள். போனை வைக்காதீர்கள்."

செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு இரும்புக் கதவின் கிறீச் சத்தம் கேட்டது. "கவினு... டேய் கவினு..." என்று அக்காவின் குரல் உள்ளே போனது. பதில் இல்லை. அந்த நேரத்தில் என்னைக் கடந்து எத்தனை லாரிகள் போயின என்று தெரியாது. என் கை தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தது. பிடியை விட்ட பிறகுதான் உள்ளங்கையில் தடம் பதிந்திருந்ததைப் பார்த்தேன்.

"இங்கேதான் இருக்கிறான் தம்பி. கொல்லையில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்ன ஆயிற்று?"

"ஒன்றும் இல்லை அக்கா. ஒன்றும் இல்லை. அவன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள்."

சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பழனிச்சாமி அண்ணன் தண்ணீர் கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனார். அவருக்கும் இரண்டு பெண்கள்.

அப்போதுதான் அந்தச் சொல்லை மறுபடியும் படித்தேன். அது அவன் சொல் அல்ல, என்னுடையது. கோயில் பண்டிகைக்கு வர முடியாதபோது 'சாரி கண்ணு' என்றவன் நான். ஆண்டு விழாவில் அவன் கட்டபொம்மன் வேடம் போட்ட அன்று கர்னூலில் டயர் வெடித்து நின்றபோதும் அதையேதான் சொன்னேன். லோடு கிடைக்காமல் மூன்று நாள், நான்கு நாள் தாமதம் ஆகும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அதற்கு மேல் அவன் பேசக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தேன். அப்படி முடித்துவிட்டால் திட்டு விழாது என்று என்னைப் பார்த்துத்தான் அவன் கற்றிருக்கிறான்.

படத்தைப் பெரிதாக்கினேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். அடுக்கு, வர்க்கமூலம் எல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஆறாவது கணக்கில் கண் நின்றது. கேள்வியையும் எழுதியிருந்தான். 'ஒரு வாகனம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று ஓர் ஊரை 8 மணி நேரத்தில் அடைகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால் எவ்வளவு நேரம் ஆகும்?'

அவன் விடை, 5 மணி 20 நிமிடம்.

மெதுவாக வருகிற வண்டி சீக்கிரம் வந்து சேர்கிறது. அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஆசிரியர் போட்டது சரிதான். ஆனாலும் அந்த விடையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே கிளம்பும்போதெல்லாம் 'மெதுவாகப் போங்கள் அப்பா' என்றும், இரண்டாம் நாளே 'எப்போது வருவீர்கள்?' என்றும் கேட்கிறவன் எழுதிய விடை அது.

மறுபடியும் கூப்பிட்டேன். சரசு அக்கா போனை அவனிடம் கொடுத்திருக்க வேண்டும். எடுத்தான், பேசவில்லை. ஆட்டுக்குட்டி கத்தியது.

"கண்ணு, தாளைப் பார்த்தேன். திட்ட மாட்டேன். ஆறாவது கணக்கை நீயும் நானும் போடுவோமா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வர வேண்டும். 60-இல் வந்தால் 22 மணி நேரம். ஆனால் ரிட்டர்ன் லோடு ஏற்றினால் 60-இல் வர முடியாது, 40-இல்தான் வர முடியும். நேரம் கூடுமா, குறையுமா?"

வெகுநேரம் கழித்து, "கூடும்" என்றான்.

"ஏன்?"

"மெதுவாக வந்தால் லேட் ஆகும்." குரல் உடைந்தது. "நீங்கள் எப்போதும் லேட்தான்."

அதற்கு என் பழைய சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாம் கண்ணு. எப்போதும் லேட்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டு அனுப்பு. கையெழுத்தை அம்மாவிடம் வாங்கு. அவள் வந்ததும் நானும் பேசுகிறேன்."

வண்டி கிளம்பியது. பாண்டர்கவடா தாண்டி இருட்டத் தொடங்கியது. இரு பக்கமும் பருத்திக் காடு. ஏழு மணிக்குப் போன் துடித்தது. மறுபடியும் ஒரு படம். இந்த முறை ரஃப் நோட்டின் தாள். 60-ஐ 22-ஆல் பெருக்கி 1,320 என்று போட்டு, அடித்து, மறுபடி போட்டு, 40-ஆல் வகுத்திருந்தான். கீழே 33 மணி நேரம். அந்தப் பக்கத்துக்கு வெளியே, தரையில், அவன் அம்மாவின் கால் விரல்கள் தெரிந்தன.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்.

'அப்பா இதில் நீங்கள் தூங்குகிற நேரம் சேரவில்லை. எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள்? சாப்பிட எவ்வளவு? ஆடு இன்றைக்குப் புல் தின்னவில்லை. பழனிச்சாமி பெரியப்பா நன்றாக ஓட்டுவாரா?'

நான் ஒவ்வொன்றாகப் பதில் எழுதத் தொடங்கினேன்.