கணக்கை மூடிய பிறகும் பிடிக்கப்பட்ட ₹7,788-ஐத் திருப்பித் தரக் கோரி

மதுரை
18 ஆகஸ்ட் 2025

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சென்னை அலுவலகம்

பொருள்: 14 மார்ச் 2025 அன்று மூடப்பட்ட கணக்கின் பெயரில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வசூலித்த சந்தாத் தொகை

ஐயா / அம்மா,

வணக்கம். நான் மதுரையில் இருந்துகொண்டு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்து கொடுக்கும் ஃப்ரீலான்ஸர். பில் போடவும், எந்தப் பதிப்பகம் எவ்வளவு பாக்கி என்று பார்க்கவும் இரண்டு ஆண்டுகள் உங்கள் செயலியைத்தான் பயன்படுத்தினேன். செயலியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் குறைந்து நாலைந்து பேராக நின்றதும் ஒரு எக்செல் தாளே போதும் என்று தோன்றியது, அதனால் விலகினேன். விலகிய பிறகு நடந்தவைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

மார்ச் 14 அன்று என் பழைய பில்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, அமைப்புகள் பக்கத்தில் இருந்த 'கணக்கை நிரந்தரமாக மூடு' பொத்தானை அழுத்தினேன். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டது, சொன்னேன். கடவுச்சொல்லை மறுபடி கேட்டது, கொடுத்தேன். அடுத்த சில நிமிடங்களில் உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "உங்கள் கணக்கு மூடப்பட்டுவிட்டது. உங்கள் தரவுகள் 30 நாட்களில் அழிக்கப்படும். இதை மீட்க இயலாது." சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும் என்று அந்தத் திரையிலும் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

மார்ச் 2 அன்று கட்டிய தொகை ஏப்ரல் 1 வரைக்கும் ஆனது. மாத நடுவில் விலகியது என் விருப்பம், அதனால் அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது அதற்குப் பிறகு என் கிரெடிட் கார்டிலிருந்து எடுக்கப்பட்டவை:

ஏப்ரல் 2: ₹1,416
மே 2: ₹1,416
ஜூன் 2: ₹1,416
ஜூலை 2: ₹1,770
ஆகஸ்ட் 2: ₹1,770

மொத்தம் ₹7,788. ஜூலையில் தொகை ஏறியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் மாதக் கட்டணம் 1,200-லிருந்து 1,500 ஆகியிருக்கிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,770. இந்த உயர்வைப் பற்றி எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. வர வழியும் இல்லை, ஏனென்றால் பயனர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டீர்கள். வசூல் பட்டியலிலிருந்து எடுக்க மட்டும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மாதாமாதம் 2-ஆம் தேதி வரும் உங்கள் பில்லை ஒருமுறை திறந்து பாருங்கள். 'பயனர்கள்' என்ற இடத்தில் 0 என்று இருக்கும். அதற்கு நேரே, அதே வரியில், தொகை இருக்கும். யாருமே பயன்படுத்தவில்லை என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்த பில் அது. இதைவிடத் தெளிவான சாட்சியம் என்னிடம் இல்லை.

முதல் பிடித்தம் நடந்த மறுநாளே உங்கள் உதவிக் குழுவுக்கு எழுதினேன். அடுத்த பில்லிங் சுழற்சிக்குள் சரியாகிவிடும், பணமும் தானாகத் திரும்பும் என்று பதில் வந்தது. மே மாதமும் எடுத்தீர்கள். அப்போது, "வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடுகிறேனே" என்று நானே கேட்டேன். வேண்டாம், ரீஃபண்ட் நடைமுறையில் இருக்கிறது, இடையில் கார்டு அனுமதியை ரத்து செய்தால் அதே கார்டுக்குப் பணம் வருவது சிக்கலாகும் என்று எழுத்தில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் விட்டு வைத்தேன். மே 6 தேதியிட்ட அந்தப் பதில் இணைப்பில் இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தொகைகளை 'நீங்கள் நிறுத்தியிருக்கலாமே' என்று யாராவது சொல்ல நினைத்தால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஜூனில் பதில் மாறியது. கணக்கை மூடுவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. உள்நுழைந்து 'திட்டமும் கட்டணமும்' பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள் என்றார்கள். சரி என்று போனேன். "இந்த மின்னஞ்சலில் கணக்கு எதுவும் இல்லை" என்றது உங்கள் திரை. இதைச் சொன்னதும், அதே மின்னஞ்சலில் புதிய கணக்கு திறந்து அதிலிருந்து ரத்து செய்து பாருங்களேன் என்று ஒரு யோசனை வந்தது. புதுக் கணக்குக்குப் புதுச் சந்தா எண் வரும், பழையது பழையபடி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் நான் அதைச் செய்யவில்லை. ஜூலையில் வந்தது இன்னும் நல்ல யோசனை: நல்லெண்ணத்தின் அடையாளமாக மூன்று மாதம் இலவசச் சேவை. மூடிய கடையில் மூன்று மாதம் இலவசமாகச் சாப்பிடலாம் என்பது போல. ஆகஸ்ட் பிடித்தத்துக்குப் பிறகு நான் அனுப்பிய கேள்விக்குப் பதிலே இல்லை. 'தீர்க்கப்பட்டது' என்று டிக்கெட் தானாக மூடிக்கொண்டது.

உதவிக் குழுவில் என்னிடம் பேசிய யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அவர்கள் கையில் அதிகாரம் இல்லை என்பது பதில்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கு மூடலும் சந்தா ரத்தும் வேறு வேறு என்பது உங்கள் மென்பொருளின் உள் ஏற்பாடாக இருக்கலாம். எனக்கு அதில் சம்பந்தம் இல்லை. சந்தா என்பது சேவைக்குக் கொடுக்கும் விலை. அந்தச் சேவையைப் பெறும் ஒரே வாசலை மார்ச் 14 அன்று நிரந்தரமாக அடைத்தவர்கள் நீங்கள். இன்னொன்று: கார்டில் அனுமதி இருப்பதால் மட்டும் பணம் போய்விடாது. ஒவ்வொரு மாதமும் உங்கள் பக்கத்திலிருந்து வசூல் கோரிக்கை போனால்தான் வங்கி கொடுக்கும். ஆக, இல்லாத கணக்குக்காக ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். 'செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று உங்கள் விதிமுறைகளில் ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியும். சேவை பெற்றுக்கொண்டு மனம் மாறியவர்களுக்கு அந்த வரியைச் சொல்லுங்கள், நியாயம். சேவையே கொடுக்காமல் வாங்கிய பணத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த இருண்ட வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்களில் 'சந்தாப் பொறி' தனியாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. சந்தாவை ரத்து செய்வதை இயலாததாகவோ, சுற்றி வளைத்த வேலையாகவோ ஆக்குவது அதில் வருகிறது. உள்நுழைந்தால்தான் ரத்து செய்யலாம், ஆனால் உள்நுழைய முடியாது என்பதை வேறு எப்படிச் சொல்வது? நீங்கள் வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. மென்பொருளில் இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்திருக்கும். ஆனால் சுட்டிக்காட்டிய பிறகும் எடுத்துக்கொண்டே இருந்ததைத் தவறுதல் என்று சொல்ல முடியாது.

வரி ஒரு தடையாக இருக்கும் என்று கணக்குப் பிரிவு சொல்லலாம் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். என் ஆண்டு வருமானம் ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச வரம்புக்கு வெகு கீழே. நான் பதிவு செய்தவர் இல்லை, உள்ளீட்டு வரி வரவு எடுக்கவும் இல்லை. ஐந்து பில்களுக்கும் நீங்கள் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிசெய்துகொள்ளலாம். எல்லாமே 2025-26 நிதியாண்டின் பில்கள் என்பதால் அதற்குக் கால அவகாசமும் நிறையவே இருக்கிறது. ஆகவே வரியைக் கழிக்காமல் முழுத் தொகையும் வர வேண்டும்.

என் தொழிலில் இந்தப் பணம் என்ன என்பதையும் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு 40 ரூபாய் வாங்குகிறேன். நீங்கள் எடுத்தது ஏறக்குறைய 195 பக்கம், அதாவது அடிக்குறிப்புகளோடு கூடிய ஒரு நடுத்தரப் புனைவல்லாத நூல். அதற்கான கூலி பதிப்பகத்திலிருந்து என் கைக்கு வர இரண்டு மாதம் ஆகும். உங்கள் பிடித்தத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, 2-ஆம் தேதி காலையிலேயே போய்விடும்.

நான் கேட்பவை: ₹7,788 முழுவதும் பணம் எடுக்கப்பட்ட அதே கார்டுக்கு 2 செப்டம்பர் 2025-க்குள் திரும்ப வர வேண்டும். செயலிக்குள் கிரெடிட், கூப்பன், இலவச மாதம் எதுவும் வேண்டாம். என் பெயரில் உள்ள சந்தா எண்ணையும், கார்டுக்காக நீங்கள் வைத்திருக்கும் டோக்கனையும் நீக்கிவிட்டு, நீக்கிய தேதியோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் 4 அன்று வங்கியில் இ-மேண்டேட்டை நான் ரத்து செய்துவிட்டேன். அதனால் அடுத்த பிடித்தம் நடக்காது என்றாலும் உங்கள் பக்கத்தில் அது 'பாக்கி' என்று ஏறி, நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கக் கூடாது. அப்புறம் அதற்கு ஒரு கடிதம் எழுத எனக்கு நேரம் இல்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் கேட்டிருக்கும் தேதி அதற்கு உள்ளேதான் இருக்கிறது. ஐந்து பிடித்தங்களைத் திருப்பும் வேலைக்கு அது தாராளம். அதற்குள் பணம் வரவில்லை என்றால் வங்கியில் ஐந்துக்கும் தகராறு மனு கொடுப்பேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது, ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. அப்படிப் போனால் 7,788-உடன் செலவும் இழப்பீடும் சேர்த்துத்தான் கேட்பேன்.

உங்களை எதிர்த்து வழக்காடும் ஆசை எனக்கு இல்லை. இணைப்புகளைப் பார்க்கும் எவருக்கும் பத்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். ஏதாவது விளக்கம் வேண்டும் என்றால் இந்த மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். தொலைபேசியில் பேசியதற்கு ஆதாரம் இருக்காது என்பதால் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கு. மலர்விழி
புத்தகப் பக்க வடிவமைப்பாளர், மதுரை

இணைப்புகள்: மார்ச் 14 கணக்கு மூடல் திரையின் படமும் உறுதி மின்னஞ்சலும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான ஐந்து பில்கள், அதே மாதங்களின் கார்டு கணக்கு அறிக்கையில் உரிய பக்கங்கள், உதவிக் குழுவுடனான கடிதப் போக்குவரத்து, மே 6 பதில் உட்பட, 'கணக்கு எதுவும் இல்லை' என்ற உள்நுழைவுத் திரையின் படம், இ-மேண்டேட் ரத்தானதற்கு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி.